ஒன்று புள்ளி ஒன்று

சேர்மனுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு: உச்சவரம்பு. அது காதில் விழுந்தாலே மனிதருக்கு மூக்கு விடைக்கும். "வரம்பு வயலுக்குத்தான்யா, நமக்கு இல்ல" என்பார். சொல்லிவிட்டு, சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். சிரிக்காத முகம் அடுத்த மாதம் அங்கே இருக்காது என்று ஒரு பேச்சு.

அந்தச் சோலார் தகடு தொழிற்சாலையின் வாசலில் போன வாரம் இருபதடி பேனர் ஒன்று எழுந்தது. "உச்சவரம்பை உடைத்தோம்! 29.8 சதவீதம்!" கீழே 'தற்காலிக அளவீடு' என்று இரண்டு சொற்கள் இருந்திருக்க வேண்டும். சேர்மன் படத்தில் தோள்பட்டைக்கு இடம் போதவில்லை என்று பேனர்காரர் அவற்றைத் தூக்கிவிட்டார். உண்மைக்கும் தோள்பட்டைக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்.

விழுகிற வெயிலில் நூற்றுக்கு எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்கிற அந்த எண்ணை அளந்து கையெழுத்துப் போட்டவள் மீட்டரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பதினான்கு வருடமாக அளவுக்கூடத்தில் இருக்கிறாள். தகட்டுக்குள் கோக்கும் சிலிக்கான் சில்லு, அதாவது செல், எதை உள்ளே கொண்டுபோனாலும் அவள் கையால் அளந்த எண்ணோடுதான் அது வெளியே வரும். கணவன் வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு வீட்டில் அடுப்பு எரிவதும் அந்தக் கையால்தான்.

சாதனையைக் கொண்டாடும் விழா அன்று காலை பத்து மணிக்கு. ஏழரைக்கே அவள் அளவுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். மேஜையில் ஒரு சின்ன உறை கிடந்தது. கருப்பு ஏற்றப் போயிருந்த அவளுடைய பழைய மாஸ்க் பெயின்ட் பிரிவிலிருந்து திரும்பி வந்திருந்தது.

மாஸ்க் என்றால் பெரிய சமாசாரமில்லை. உள்ளங்கை அகலத் தகரம், நடுவில் சதுரமாக ஒரு துளை. செல்லின் மேல் இதை வைத்து, மேலே செயற்கைச் சூரியன் என்கிற விளக்கை எரியவிட்டால், துளை வழியே விழும் வெளிச்சம் மட்டும்தான் செல்லுக்குக் கிடைக்கும். துளை சரியாக ஒரு சதுர சென்டிமீட்டர். வந்த மின்சாரத்தை அந்தப் பரப்பில் விழுந்த வெளிச்சத்தால் வகுத்தால் சதவீதம். ஆக, உலகச் சாதனை என்பதெல்லாம் கடைசியில் ஒரு தகரத்து ஓட்டையின் அளவில் வந்து நிற்கிறது.

பழைய மாஸ்க் பெயின்டுக்குப் போயிருந்த நாட்களில் அவள் டப்பாவிலிருந்து ஒரு மாற்று மாஸ்க்கை எடுத்திருந்தாள். அந்த டப்பா, அவளுக்கு முன்னால் இருந்து ஓய்வுபெற்றுப் போனவருடையது. ஒவ்வொரு தகரத்திலும் ஊசியால் கீறி எண் போட்டிருந்தார். 1.1, 1.2, 1.3. முதல் செட்டில் ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அவள் படித்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். அவளுடைய அலமாரியில் எல்லாமே அப்படித்தான் எண்ணிடப்பட்டிருந்தது.

இப்போது சும்மா, தூசி தட்டுகிற நினைப்பில், பழைய மாஸ்க்கை 1.1-இன் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

இரண்டு துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. இரண்டும் ஒரே அளவு என்றால் விளிம்புகள் பொருந்த வேண்டும். அடியில் இருந்த தகரத்தின் விளிம்பைக் காணவே இல்லை. திருப்பிப் பிடித்தாள். பெரிய துளைக்குள் சின்னத் துளையின் கருப்பு ஓரம், நான்கு பக்கமும் அரை மில்லிமீட்டர், துக்கக் கடிதத்தின் கரை மாதிரி தெரிந்தது.

அளவுக் கவ்வியை எடுத்தாள். 1.1-இன் துளை ஒரு பக்கம் பதினோரு மில்லிமீட்டர்.

ஒன்று புள்ளி ஒன்று என்பது வரிசை எண் இல்லை. பக்கத்தின் நீளம். பெரியவர் பக்கத்தைக் கீறி வைத்திருக்கிறார், இவள் அதைப் பெயராக எடுத்துக்கொண்டாள். பக்கம் ஒன்று புள்ளி ஒன்று என்றால் பரப்பு ஒன்று புள்ளி இரண்டு ஒன்று. கணினியில் ஒன்று என்று போட்டிருந்தாள். செல் வாங்கிக்கொண்ட வெளிச்சம் ஒரு மடங்குக்கும் மேலே இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. கணக்கில் காட்டியதோ ஒன்று.

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். செல்லை அளந்த அந்த வெள்ளிக்கிழமை திரையில் மின்னோட்டம் நாற்பத்தொன்பது புள்ளி ஆறு மில்லி ஆம்பியர் என்று வந்தபோதே உறைத்திருக்க வேண்டும். சூரிய வெளிச்சத்தில் சிலிக்கான் பிடிக்கக்கூடிய ஒளித்துகள்கள் அத்தனையையும், ஒன்றைக்கூட நழுவவிடாமல் பிடித்தாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாற்பத்தாறைத் தாண்ட வழியில்லை. ஆட்டுக்கிடையில் நாற்பத்தாறு ஆடு இருக்க, கறந்தவன் நாற்பத்தொன்பது ஆட்டுப் பால் என்கிறான். உறைத்தது. அதனால்தான் மேலதிகாரி முனைவரிடம் ஓடினாள். "சார், இருபத்தொன்பது எட்டு காட்டுது, சரிபார்த்துட்டு..." என்று ஆரம்பித்தாள். 'பார்த்துட்டு' வாயிலிருந்து முழுசாக இறங்கும் முன்னே அவர் சேர்மனுக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலம் தாள் வந்தது. கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டாள். பயத்தில் போட்ட கையெழுத்து. ஆனால் பயத்தில் போட்டது என்று கையெழுத்தில் தெரியாதே.

எட்டு மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, நான் கிளம்பிட்டேன். டாக்டரம்மாவும் வராங்க. முன் வரிசையாம்!"

தம்பி கூரைகளில் சோலார் தகடு பொருத்துகிற எலக்ட்ரீஷியன். இந்த விழாவில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. புறநகரில் ஒரு பிரசவ மருத்துவமனை. அங்கே மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். பிறந்த குழந்தைகளை வைக்கிற சூட்டுப்பெட்டிகள் இதுவரை ஒரு பழைய டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடின. புகையும் சத்தமும் தாங்காமல், அதைத் தூக்கிவிட்டுக் கூரை முழுக்கத் தகடு போடலாம் என்று முடிவு. கூரையில் அறுபது தகடுதான் பிடிக்கும். கம்பெனியின் விற்பனை ஆள் இருபத்தொன்பது எட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தான். பகலில் பெட்டிகளுக்குப் போக, ராத்திரிக்குப் பேட்டரியும் நிரம்பும் என்று சரியாக வந்திருந்தது. மருத்துவமனையை நடத்துகிற டாக்டரம்மா இன்று மேடையில் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு ஜெனரேட்டரை எடுத்துக்கொண்டு போக லாரி வரும்.

"டேய், லாரிய நிறுத்துடா."

"என்னக்கா?"

"அந்த எண் தப்பு."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அவன் சிரித்தான். "நீ அளந்தது தப்பாகுமா? எனக்குக் காய்ச்சல்னாகூட தெர்மாமீட்டர மூணு தடவ உதறிப் பாக்கறவ நீ."

"தப்புடா. அப்படியே அது சரியா இருந்தாலும், தகடு அவ்வளவு தராது. கேளு. ஊர்லயே வேகமா ஓடறவன் ஒருத்தன, நல்ல தரையில, குளுகுளுன்னு இருபத்தஞ்சு டிகிரியில ஓடவிட்டு அளக்கறது லேப். தகடுன்னா எழுபது எண்பது பேர ஒரே கயித்துல கட்டி, உச்சி வெயில்ல மொட்டைமாடில ஓடவிடறது. வரிசையில நொண்டறவன் எவனோ, அவன் வேகம்தான் எல்லாருக்கும். அதுக்கு மேல கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தத் திருப்பி அனுப்பும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சந்து, சுத்தி ஃபிரேம், அதெல்லாம் இடத்த அடைக்கும், மின்சாரம் தராது. கம்பி கொஞ்சம் தின்னும். ஃபாக்டரி லைன்ல இப்ப செய்யற நம்ம தகடு இருபத்தொண்ணு சதவீதம். கூரைச் சூட்டுல அதுவும் இறங்கும்."

"அப்போ கணக்குல..."

"மூணுல ஒரு பங்கு காணோம்."

தம்பியின் குரல் இறங்கி வந்தது. "நான் வாயால சொன்னா யாரு நம்புவாங்கக்கா? உன் கையெழுத்துப் போட்ட தாள் அவங்க கையில இருக்கே."

போனை வைத்துவிட்டு, பழைய மாஸ்க்கைப் போட்டுச் செல்லை மறுபடி அளந்தாள். சூட்டுப்பெட்டிக்குள் கையளவு குழந்தைகள் படுத்திருப்பதைத் தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான். பூனைக்குட்டி மாதிரி இருக்குக்கா என்று.

எட்டரைக்கு முனைவர் வந்தார். அவர் பெயருக்கு முன்னால் இருந்த 'முனைவர்' கொஞ்சம் புதுசு. போன வருடம் சேர்மனே ஒரு மேடையில் ஏற்பாடு செய்து போட்டுவிட்டது. அதற்கு முன்னால் அவர் கெட்டிக்கார ஆள்தான், இயற்பியல் தெரிந்தவர். அதுதான் பாவம். தெரியாதவன் நிம்மதியாகப் பொய் சொல்வான். இவருக்கு ஒவ்வொரு பொய்க்கும் வியர்க்கும்.

இரண்டு தகரத்தையும் அவர் முன்னால் வைத்தாள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது.

"இப்ப சரியான மாஸ்க்ல அளந்தியா?"

"அளந்தேன் சார். இருபத்துநாலு ஆறு."

"நல்ல செல்தான்" என்றார் பரிதாபமாக.

"ரொம்ப நல்ல செல் சார். நம்ம கையால செஞ்சதுல இதுதான் உசத்தி. ஆனா சிலிக்கானுக்கு உச்சவரம்பு இருபத்தொன்பது நாலு. நாம இருபத்தொன்பது எட்டுன்னு பேனர் கட்டியிருக்கோம்."

"எனக்குச் சொல்லித் தரியா?" என்றவர் உடனே தணிந்தார். மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ மாணவனுக்குச் சொல்வது போல, ஒருவேளை தனக்கே சொல்லிக்கொள்வது போல, பேசினார். "சுவரேறிக் குதிக்கற பசங்க மாதிரிதானேம்மா வெளிச்சம். ஒரே ஒரு சுவர். தாவ முடியாதவன் இந்தப் பக்கமே நின்னுடறான். பனைமர உயரம் தாவறவனும் அந்தப் பக்கம் அதே தரையிலதான் வந்து விழறான். கூடுதலா தாவினதுக்கு முட்டி சூடாகறதுதான் மிச்சம். சுவரக் குறைச்சா நிறைய பேர் வருவான், ஆனா ஒவ்வொருத்தனும் தர்றது குறைஞ்சுபோகும். ஏத்தினா ஆளே வரமாட்டான். எந்த உயரத்துல கட்டினாலும் முப்பத்துமூணு சொச்சத்தத் தாண்டாது. வந்தவன்லயும் சிலர் வெளிச்சமாவே திரும்பிப் போயிடுவான், அது கணக்குல சேர்ந்தது. நம்ம சிலிக்கான்ல அவங்களுக்குள்ளேயே வேற முட்டிக்கறான், அதனால இருபத்தொன்பது நாலு. ரெண்டாவது சுவர் கட்டினாத்தான் மேல போகலாம். நாம கட்டல."

"அப்போ சேர்மன்கிட்ட சொல்லுங்க சார்."

"சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி, மெதுவா. 'யாரு போட்ட வரம்பு?'ன்னு கேட்டார். இயற்கைன்னேன். 'அதுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பு'ன்னார்." முனைவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. 1.1-ஐ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "மேடையில நேரடியா அளந்து காட்டணுமாம். இன்னிக்கு ஒரு நாள் இதயே போடு. அப்புறம் மெதுவா, அடுத்த வாரம், ஒரு திருத்தம்..."

"நாளைக்கு லாரி வருது சார்."

எந்த லாரி என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம்.

விழா மண்டபத்தின் கூரையைச் சேர்மன் கண்ணாடிக் காகிதத்தால் உடைந்தது போல அலங்கரிக்கச் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதன் வழியே தொங்குகிற தங்க நிறக் காகிதங்கள். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்ற பொருளாம். கீழே குளிர்சாதனம் காகிதங்களை அசைக்க, சரசரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மீட்டரக்காவுக்கு அது யாரோ அவள் முதுகுக்குப் பின்னால் தாள் புரட்டுகிற சத்தமாகக் கேட்டது.

செயற்கைச் சூரியனைத் தள்ளுவண்டியில் ஏற்றி மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பின்னால் சுவரளவு திரை. அவள் நீலக் கோட்டின் இரண்டு பைகளிலும் இரண்டு தகரம் இருந்தது. வலது பையில் 1.1, இடது பையில் பழையது.

சேர்மன் பேசிக்கொண்டிருந்தார். "உலகத்துல பெரிய பெரிய லேப்ல எல்லாம் ஏதோ சுண்டு விரல் நகம் அளவுக்குச் செல் செஞ்சு ரெக்கார்டுங்கறான். நாமளும் செஞ்சோம். ஆனா நாம அதோட நிக்கல! நம்ம தகடு, மொட்டைமாடில, அதே இருபத்தொன்பது எட்டு!" கைதட்டல். முனைவர் மேடை ஓரத்தில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முன் வரிசையில் டாக்டரம்மா மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். கையில் பேனா, மூடி கழற்றியாகிவிட்டது. மூன்றாவது வரிசையில் தம்பி. அவன் மேடையைப் பார்க்கவில்லை, அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப உங்க கண் முன்னாலேயே!" என்றார் சேர்மன். "நம்ம மீட்டரம்மா வாங்க!"

செல்லைக் குளிர்தட்டில் வைத்தாள். இருபத்தைந்து டிகிரி. நீலச் செல் பளபளத்தது, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. எது போட்டாலும் இங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுதான் பயமாக இருந்தது. யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால்கூடத் தேவலை, பழியில் பாதியை அவன் தலையில் கட்டலாம். வலது கை வலது பைக்குள் போனது. விரல் நுனியில் ஊசிக் கீறல் தட்டுப்பட்டது. ஒன்று, புள்ளி, ஒன்று. வீட்டு வாடகை, கணவனின் சும்மா இருக்கிற கைகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கீறலில் இருந்தன. பூனைக்குட்டி மாதிரி இருக்குக்கா.

கை வெறுமையாக வெளியே வந்தது. இடது கை உள்ளே போனது. தகரத்தைச் செல்லின் மேல் வைத்து, விளக்கை எரியவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

சுவரளவுத் திரையில் கோடு மெல்ல வளைந்து இறங்கியது. அதன் கீழே எண் வந்தது: 24.6.

சேர்மன் திரைக்கு முதுகு காட்டி நின்றார். கையில் இருந்த தாளைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, "இருபத்தொன்பது புள்ளி எட்டு!" என்று முழங்கினார்.

மண்டபம் அதிரக் கைதட்டியது. முந்நூறு பேர், எல்லோருக்கும் கண் இருந்தது, எல்லோர் கண் முன்னாலும் 24.6 வீட்டுக் கதவளவு எரிந்துகொண்டிருந்தது. தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். மீட்டரக்காவுக்கு ஒரு நொடி தன் கண்ணே பொய் சொல்கிறதோ என்று சந்தேகம் வந்தது. பயத்தின் உச்சம் அதுதான். உண்மையைச் சுவர் அளவுக்கு எழுதி வைத்தாலும் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

தட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருவன் தம்பி. இன்னொருவர் டாக்டரம்மா. முப்பது வருடமாகத் தாதிகள் "நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று சொல்லும்போதெல்லாம் திரும்பிப் பெட்டியின் எண்ணைப் பார்த்தே பழகிய பெண்மணி. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். அங்க இருபத்துநாலு ஆறுன்னு இருக்கே?"

சேர்மன் திரும்பினார். கூரைக் காகிதங்கள் சரசரத்தன.

"அது... அது வந்து... வேற அளவு. இல்லையா முனைவர்?"

முனைவர் கைக்குட்டையை மறுபடி எடுத்தார்.

டாக்டரம்மா மேடைக்காரர்களை விட்டுவிட்டு நேராக மீட்டரக்காவைப் பார்த்தார். "நீங்கதானே அளந்தீங்க? நீங்க சொல்லுங்கம்மா. என் கூரைக்கு எவ்வளவு வரும்?"

"லேப்ல இருபத்துநாலு ஆறு, மேடம்." குரல் யாருடையதோ போல் இருந்தது. "முன்னாடி போட்ட எண் நான் பண்ண தப்பு. மாஸ்க் மாறிப்போச்சு. கூரைத் தகடு இருபத்தொண்ணுன்னு வச்சுக்கங்க. வெயில்ல அதுக்கும் கீழ."

"அப்ப அறுபது தகடு பத்தாது."

"பத்தாது மேடம். ஜெனரேட்டரக் குடுத்துடாதீங்க."

டாக்டரம்மா பேனாவின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். அந்தச் சின்ன 'டக்' சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. தம்பி அதற்குள் எழுந்து, போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு நடந்துகொண்டிருந்தான். "அண்ணே, லாரி வேணாம்ணே. ஆமா, நாளைக்கும் வேணாம்..."

யாரோ சட்டென்று இசையைப் போட்டார்கள். சேர்மன் மைக்கைப் பிடித்து, "விஞ்ஞானம்னா இப்படித்தான், நாங்க ஒளிச்சு மறைக்கறதில்ல!" என்றார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அளவுக்கூடத்துக்குத் திரும்பி, கதவைச் சாத்தினாள். விளக்கின் சூடு ஆற இன்னும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை காத்திருந்தாள். நின்றது. அப்புறம் காலடிச் சத்தம் கேட்டது.

முனைவர் கதவை முழுசாகத் திறக்கவில்லை. "சேர்மன் ரூமுக்கு வரச் சொன்னார். உன்ன மட்டும்." சற்று நின்றார். "அந்த இன்னொரு மாஸ்க்கையும் எடுத்துட்டு வரச் சொன்னார்."

"எதுக்கு சார்?"

"தெரியல." அவர் கண்ணைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்மா."

வலது பையிலிருந்து 1.1-ஐ எடுத்தாள். காலடிகள் தள்ளிப்போயின. டிராயரில் இருந்த ஊசியை எடுத்து, பழைய கீறலுக்குப் பக்கத்தில், தகரத்தில் அழுத்திக் கீறினாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. பக்கம் 1.1. பரப்பு 1.21. ஊதித் துகளைத் துடைத்தாள். இந்தத் தகரம் காணாமல் போனாலும் சாட்சி இருக்கட்டும் என்று, கைபேசியில் அதைப் படம் எடுத்துத் தம்பிக்கும் முனைவருக்கும் அனுப்பினாள்.

பிறகு தகரத்தை எடுத்துக்கொண்டு, சேர்மன் அறை இருக்கிற நீண்ட நடைவழியில் நடக்க ஆரம்பித்தாள்.